‘நீட்ஃபுல்’ என்று எழுதினால் நெதர்லாந்தில் யார், எதைச் செய்வார்?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டிப் பொள்ளாச்சிச் சாலையில் வந்தால் இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு, தோப்புகளுக்கு நடுவே நார் மில், மில்லை ஒட்டிப் பித் காயும் களம். அப்படியொரு மில்லில் ஏற்றுமதி டாக்குமென்ட் வேலை பார்க்கிறேன். தேங்காய் மட்டையிலிருந்து நாரைப் பிரித்த பிறகு மிஞ்சும் பித் என்ற தூளைக் கழுவி, காயவைத்து, 5 கிலோ கட்டிகளாக அழுத்திக் கன்டெய்னரில் ஏற்றுகிறோம். தூத்துக்குடியிலிருந்தோ கொச்சி வல்லார்பாடத்திலிருந்தோ கப்பல் ஏறி ராட்டர்டாமுக்கும் பூசானுக்கும் போகிறது. அங்கே பசுமைக்குடில்களில் தக்காளியும் ஸ்ட்ராபெரியும் வளர்ப்பவர்கள் மண்ணுக்குப் பதிலாக இதைப் பயன்படுத்துகிறார்கள்.

எங்கள் அலுவலகத்துக்குள் பேச்சு தமிழும் மலையாளமும் கலந்தது. வெளியே போகும் மெயில் மட்டும் ஆங்கிலம். அதைப் படிக்கிறவர்களுக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை. டச்சுக்காரர், கொரியாக்காரர், ஸ்பெயின்காரர் எல்லாரும் பள்ளியில் படித்த ஆங்கிலத்தைக் கொண்டு வேலையை ஓட்டுகிறவர்கள். அவர்கள் பாடப்புத்தகத்தில் ‘கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்’ கிடையாது. ‘ரிவர்ட்’ உண்டு, ஆனால் நாம் எழுதும் பொருளில் இல்லை. இந்த இடைவெளி ஒரு ஷிப்மென்ட்டை எப்படிச் சிக்கவைக்கிறது, அதை எப்படிச் சரிசெய்தோம் என்பதை எங்கள் பக்கத்து அலுவலகங்களில் வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். பெரும்பாலும் தமிழ்வழியில் படித்துவிட்டு வருகிறவர்கள். சீனியர் எழுதிய பழைய மெயிலைத் திறந்து, தேதியை மட்டும் மாற்றி அனுப்பித்தான் இந்த வேலையைக் கற்றுக்கொள்கிறார்கள்.

நான் சேர்ந்த புதிதில் எங்கள் அலுவலகத்திலிருந்து நெதர்லாந்துக்குப் போன ஒரு மெயில் இது. எழுதியவர் வேலையில் நல்ல அனுபவமுள்ள ஓர் அண்ணன். மெயிலில் இருந்தது இவ்வளவுதான்:

“டியர் சார், ப்ளீஸ் ஃபைண்ட் அட்டாச்டு டிராஃப்ட் பி.எல். ஃபார் யுவர் ரெஃபரன்ஸ். கைண்ட்லி செக் தி சேம் அண்ட் ரிவர்ட் அட் தி எர்லியஸ்ட். கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்.”

நம் ஊரில் யார் படித்தாலும் புரியும். கப்பல் கம்பெனி கொடுத்த பி.எல். டிராஃப்ட் இதோ, சரிபார்த்துப் பதில் போடுங்கள், சீக்கிரம் வேண்டும். இதில் எங்கே குழப்பம் வரும் என்றுதான் தோன்றும்.

பி.எல். பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பில் ஆஃப் லேடிங் என்பது கப்பல் கம்பெனி தரும் பத்திரம். சரக்கை ஏற்றிக்கொண்டோம், இன்னாரிடம் ஒப்படைப்போம் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. நாம் கொடுக்கும் விவரங்களை வைத்து அவர்கள் முதலில் ஒரு டிராஃப்ட் தருவார்கள். அதை வாங்குபவர் பார்த்துச் சம்மதம் சொல்ல வேண்டும். திருத்தம் இருந்தால் கப்பல் கம்பெனி குறித்த கெடுவுக்குள் சொல்லிவிட வேண்டும். கெடு தாண்டினால் திருத்தத்துக்குக் கட்டணம். கப்பல் கிளம்பிய பிறகென்றால் தலைவலி இன்னும் பெரிது. ஐரோப்பாவுக்குப் போகும் கன்டெய்னர்களின் விவரத்தைக் கப்பலில் ஏற்றுவதற்கு 24 மணி நேரம் முன்பே அங்குள்ள சுங்கத்துக்குக் கப்பல் கம்பெனி தெரிவித்தாக வேண்டும். அதனால் சரக்கைப் பெறுபவரின் பெயரைப் பிறகு மாற்றினால் பல இடங்களில் தொட வேண்டிவரும்.

அந்த டிராஃப்ட்டில் பெறுபவர் பெயர் பழையது. வாங்குகிற கம்பெனி தன் இறக்குமதியை இன்னொரு துணைக் கம்பெனியின் பெயருக்கு மாற்றிக்கொண்டிருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இறக்குமதி செய்பவருக்கு ஈ.ஓ.ஆர்.ஐ. என்று ஒரு பதிவு எண் வேண்டும். அந்த எண் எந்தக் கம்பெனிக்கு உரியதோ அதன் பெயரில் சரக்கு வந்தால்தான் சுங்கத்தில் தடையில்லாமல் நகரும். மாற்றத்தை அவர்கள் எங்களுக்கு முன்பே எழுதியிருந்தார்கள். டிராஃப்ட்டில் அது ஏறவில்லை. டிராஃப்ட்டில் இப்படி விடுபடுவது சாதாரணம். அதைப் பிடிப்பதற்காகத்தான் வாங்குபவருக்கே அனுப்பிப் பார்க்கச் சொல்கிறோம்.

பதில் வரவில்லை. கெடு முடிந்தது, கப்பலும் கிளம்பியது. பிறகுதான் அங்கே சரக்குப் போக்குவரத்தைக் கவனிக்கும் அம்மாவிடமிருந்து போன் வந்தது. ‘டியர் சார்’ என்று எழுதியிருந்தோம், படித்தவர் ஒரு பெண். என் பதிலுக்காக நீங்கள் காத்திருந்தீர்கள் என்று எனக்குத் தெரியவே தெரியாது என்றார். பெறுபவர் பெயரை ஏன் பழையபடியே ஆக்கினீர்கள் என்றும் கேட்டார்.

முதலாளி என்னிடம் கேட்டார். “ஏனுங்கம்மிணி, நாமதான் தெளிவா மெயில் போட்டுட்டமே. பாத்து ரிவர்ட் பண்ணுங்கன்னு எழுதியிருக்குதே. அப்புறம் எப்படித் தெரியாமப் போகும்?”

அவரையும் உட்காரவைத்து அந்த மெயிலை வரிவரியாகப் பார்த்தோம். அந்த அம்மா போனில் சொன்னதையும் சேர்த்துப் படித்தபோது ஒவ்வொரு வரியும் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று தெரிந்தது.

முதல் வரி, ‘ஃபார் யுவர் ரெஃபரன்ஸ்’. நாம் இதை ஒரு மரியாதைத் தொடராகச் சேர்க்கிறோம். வெளிநாட்டுக்காரருக்கு இதன் பொருள், இதை வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்பட்டால் பார்க்கலாம் என்பது. இப்போது செய்ய வேண்டியது ஒன்றுமில்லை என்றே அவர் எடுத்துக்கொள்வார். நாளுக்கு நூறு மெயில் வரும் மேஜையில் இப்படித் தொடங்கும் மெயில் நேராக ஃபோல்டருக்குப் போய்விடும்.

இரண்டாவது வரியில் ‘ரிவர்ட்’. நமக்கு அது பதில் போடுவது. இங்கிலாந்து, அமெரிக்க ஆங்கிலத்தின் அன்றாட வழக்கில் அது பழைய நிலைக்குத் திரும்புவது. கம்ப்யூட்டரில் செய்த மாற்றத்தை ரத்து செய்து முந்தைய நிலைக்குக் கொண்டுபோவதற்கும் அந்தச் சொல்தான். அந்த அம்மா ஏற்கெனவே பெயர் மாற்றம் கேட்டிருந்தவர். ‘செக் தி சேம் அண்ட் ரிவர்ட்’ என்ற வரியைப் பார்த்து, டிராஃப்ட்டில் பழைய பெயரையும் பார்த்ததும், இவர்கள் ஏதோ காரணத்துக்காக இப்போதைக்கு முன்பிருந்ததற்கே போயிருக்கிறார்கள் போலிருக்கிறது, சரியான டிராஃப்ட் இனி வரும் என்று காத்திருந்திருக்கிறார். சொல்லின் இரண்டு பொருளும் அந்தச் சூழலுக்குப் பொருந்திப்போனதுதான் இங்கே வினை. சூழலுக்குப் பொருந்தாத பொருளாக இருந்திருந்தால் அவரே சந்தேகப்பட்டுக் கேட்டிருப்பார்.

‘ரிவர்ட்’ எல்லா இடத்திலும் புரியாது என்று நினைத்துவிடக் கூடாது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பதில் என்ற பொருளில் நம்மைப் போலவே எழுதுகிறார்கள். கப்பல் தொழிலில் இருப்பவர்களும் பல நாடுகளில் இதைப் பயன்படுத்துகிறார்கள். அதனால்தான் கப்பல் கம்பெனி ஏஜென்ட்டுடன் ஆண்டுக்கணக்கில் எழுதிப் பழகியவருக்கு இந்தச் சொல்லில் பிரச்சினை இருப்பதே தெரியவராது. அதே சொல்லைத் தக்காளித் தோட்டத்துக்குப் பொருள் வாங்கும் ஆளுக்கு எழுதும்போதுதான் தடுக்கும். ‘ரிப்ளை’ என்று எழுதினால் இரண்டு பேருக்கும் புரியும்.

‘தி சேம்’ என்பது அடுத்தது. டிராஃப்ட்டைக் குறித்து எழுதினோம், ஆனால் அதே மெயிலில் பேக்கிங் லிஸ்ட்டும் இணைக்கப்பட்டிருந்தது. எதைச் சரிபார்க்க வேண்டும்? நாம் ‘மேற்படி’ என்று எழுதும் பழக்கம் ஆங்கிலத்தில் ‘தி சேம்’ ஆகிவிட்டது. பத்திரத்தில் மேற்படி என்றால் எதைச் சொல்கிறது என்று முந்தைய வரியில் இருக்கும். மெயிலில் படிப்பவர் தேடிப் பார்க்க வேண்டும். மாற்று மிக எளிது: பொருளின் பெயரையே மறுபடி எழுதுவது. ‘செக் தி டிராஃப்ட் பி.எல்.’ என்று இரண்டு முறை வந்தால் அழகு குறையலாம், குழப்பம் வராது.

‘அட் தி எர்லியஸ்ட்’ என்பதில் நாளும் இல்லை, மணியும் இல்லை. நமக்குள் இதற்கு ஓர் அவசரத் தொனி உண்டு. அவர்களுக்கு அது வசதிப்பட்டபோது என்று கேட்கிறது. எங்கள் கெடு வியாழக்கிழமை என்பது எங்களுக்குத் தெரியும், கப்பல் கம்பெனிக்குத் தெரியும். வாங்குபவருக்கு யாரும் சொல்லவில்லை.

கடைசியாக ‘கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்’. இதைக் கேலி செய்கிறவர்கள் நிறையப் பேர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இது நாம் தப்பாக உண்டாக்கிய ஆங்கிலம் இல்லை. ஒரு காலத்தில் இங்கிலாந்துக்காரர்களே இப்படித்தான் எழுதினார்கள். அவர்கள் அலுவலகங்களில் வழக்கொழிந்துவிட்டது, நம் அலுவலகங்களில் நிலைத்துவிட்டது. நாம் தாலுகா ஆபீஸ் மனுவில் ‘ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்று முடிப்பதும் இதே வடிவம்தான். மனுவில் அது வேலை செய்கிறது. பட்டா மாறுதலுக்கு மனு வாங்குகிற அலுவலருக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது அத்துபடி. அவருடைய வேலையை நாம் வரிசைப்படுத்திச் சொன்னால்தான் மரியாதைக் குறைவாக இருக்கும்.

ஆக, இந்தத் தொடர் சரியாக ஓடுவதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. அடுத்த வேலை என்ன, அது யாருடையது என்பது இரண்டு தரப்புக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். எங்கள் தூத்துக்குடி கஸ்டம்ஸ் புரோக்கருக்கு இன்வாய்ஸும் பேக்கிங் லிஸ்ட்டும் அனுப்பி இப்படி எழுதினால் அவர் ஷிப்பிங் பில் போடுவதிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார். நெதர்லாந்து அம்மாவுக்கு அந்தத் தொடர் சுத்தமாகப் புரியவில்லை என்பதுகூட இல்லை. தேவையானதைச் செய்யச் சொல்கிறார்கள் என்று புரிந்திருக்கிறது. எது தேவை என்பதுதான் மெயிலில் இல்லை.

செலவு யார் தலையில் விழுந்தது என்பதை இங்கே விரிக்க வேண்டாம். பி.எல். திருத்தக் கட்டணம், ராட்டர்டாமில் கன்டெய்னர் காத்திருந்ததற்கான வாடகை, பேச்சுவார்த்தை. இரு தரப்பும் பகிர்ந்துகொண்டு உறவு தப்பியது.

அதன் பிறகு டிராஃப்ட் அனுப்பும் மெயிலை நாங்கள் புதிதாகக் கட்டினோம். சப்ஜெக்ட் வரியிலேயே வேலையும் நாளும் வந்துவிடும்: “ப்ளீஸ் அப்ரூவ் டிராஃப்ட் பி.எல். பை வெட்னஸ்டே 15 மே”. கூடவே அவர்களுடைய பர்ச்சேஸ் ஆர்டர் எண். உள்ளே முதலில் ஆளின் பெயர். ஆணா பெண்ணா என்று தெரியாவிட்டால் முழுப் பெயரையும் எழுதிவிடலாம். பிறகு, எதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வாக்கியம்: “ப்ளீஸ் செக் த்ரீ திங்ஸ் இன் தி டிராஃப்ட் பி.எல்.: கன்சைனி, நோட்டிஃபை பார்ட்டி, கிராஸ் வெயிட்.” அதாவது சரக்கைப் பெறுபவர், சரக்கு வந்ததும் தகவல் சொல்ல வேண்டியவர், மொத்த எடை. அதற்கடுத்து, எப்படிப் பதில் வேண்டும், எப்போதுக்குள் வேண்டும்: “ரிப்ளை ‘அப்ரூவ்டு’ ஆர் சென்ட் யுவர் கரெக்‌ஷன்ஸ் பை வெட்னஸ்டே 15 மே, 12:00 டச்சு டைம்.” கடைசியில், பதில் வராவிட்டால் என்ன ஆகும்: “இஃப் வி டூ நாட் ஹியர் ஃப்ரம் யூ, வி வில் சப்மிட் திஸ் டிராஃப்ட் ஆஸ் இட் இஸ். சேஞ்சஸ் ஆஃப்டர் தட் காஸ்ட் எக்ஸ்ட்ரா.”

இதில் எந்தச் சொல்லுக்கும் அகராதி தேவையில்லை. இலக்கணம் கடினமில்லை. பழைய மெயிலைவிட ஆங்கிலம் எளிமையாகவே இருக்கிறது. பழையதில் இல்லாமல்போன நான்கு விஷயங்கள் வந்து சேர்ந்திருக்கின்றன: யார், எதை, எப்போதுக்குள், இல்லையென்றால் என்ன. ‘நீட்ஃபுல்’ வரும் எந்த மெயிலையும் இந்த நான்கு கேள்விகளை வைத்துப் பிரித்துவிடலாம். நான்குக்கும் விடை எழுதி முடித்ததும் ‘நீட்ஃபுல்’ என்ற சொல்லுக்கு வேலையே இல்லாமல் போவதைப் பார்க்கலாம்.

நான்காவது கேள்வியில் மட்டும் கவனம் வேண்டும். பதில் வராவிட்டால் இப்படிச் செய்வோம் என்று எழுதினால் உண்மையிலேயே அப்படிச் செய்யும் நோக்கம் இருக்க வேண்டும், செய்யும் உரிமையும் இருக்க வேண்டும். பி.எல். டிராஃப்ட்டுக்கு அது பொருந்தும், ஏனென்றால் கப்பலின் கெடு நம் கையில் இல்லை. விலை மாற்றத்துக்கோ, பணம் செலுத்தும் நிபந்தனைக்கோ அப்படி எழுதக் கூடாது. அங்கே மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டால் சண்டைதான் வரும். அங்கே எழுத வேண்டியது, உங்கள் சம்மதம் வந்த பிறகே உற்பத்தியைத் தொடங்குவோம் என்பது.

மணியை அவர்கள் ஊர் மணியில் எழுதுவது எங்கள் அண்ணனின் யோசனை. மே மாதத்தில் நெதர்லாந்து நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கும், குளிர்காலத்தில் நாலரை. அவர்களுக்கு நண்பகல் 12 என்றால் கோடையில் நமக்கு மாலை 3:30. கப்பல் கம்பெனி கெடு மறுநாள் என்றால் ஒரு நாள் கையில் மிச்சம். ‘டுடே இட்ஸெல்ஃப்’, நாள் முடிவதற்குள் என்னும் ‘ஈ.ஓ.டி.’ எல்லாம் இங்கே ஆபத்தானவை. எங்கள் ஈ.ஓ.டி.யில் அவர்களுக்கு மதியச் சாப்பாடு முடிந்து சற்று நேரம்தான் ஆகியிருக்கும். கொரியாவில் அலுவலகத்தைப் பூட்டிவிட்டு வீட்டுக்கே போயிருப்பார்கள். கிழமை, தேதி, மணி, ஊர் நான்கும் இருந்தால் யாருக்கும் கணக்குத் தவறாது. மாதத்தை எழுத்தில் எழுத வேண்டும். 05/06 என்பது நமக்கு ஜூன் 5, அமெரிக்கருக்கு மே 6.

எண் பற்றியும் இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதே டிராஃப்ட்டில் வருவது. டச்சுக்காரர்கள் தசமத்துக்குக் காற்புள்ளியும் ஆயிரத்துக்குப் புள்ளியும் வைப்பவர்கள். 24.500 கிலோ என்று எழுதினால் அவர்களுக்கு இருபத்து நாலாயிரத்து ஐந்நூறு, நமக்கு இருபத்து நாலரை. புள்ளியே இல்லாமல் 24500 என்று எழுதிவிடுவது மேல். லட்சம், கோடி எல்லாம் நம் எல்லையோடு நின்றுவிட வேண்டும்.

கொரியா வாடிக்கையாளருக்கு எழுதும்போது சிக்கலானது ‘ப்ரீபோன்’. ஆய்வுக்கு வரும் தேதியை முன்னால் கொண்டுவர வேண்டியிருந்தது. ‘போஸ்ட்போன்’ இருக்கும்போது ‘ப்ரீபோன்’ இருக்கக் கூடாதா என்று கேட்டால், இருக்கலாம், நல்ல சொல்தான், ஆனால் இந்தியாவுக்கு வெளியே அதிகம் பேருக்குத் தெரியாது. இதற்குப் பதிலாக ‘மூவ் ஃபார்வர்டு’ என்று எழுதச் சொல்பவர்கள் உண்டு. அது இன்னும் மோசம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களிலேயே சிலர் அதை முன்தேதி என்றும் சிலர் பின்தேதி என்றும் எடுத்துக்கொள்கிறார்கள். நாங்கள் இரண்டு தேதியையும் எழுதிவிடுகிறோம்: “கேன் வி சேஞ்ச் தி இன்ஸ்பெக்‌ஷன் ஃப்ரம் 14 மார்ச் டு 10 மார்ச்?”

எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது ‘டவுட்’. ‘நீட்ஃபுல்’ வேலையைத் தாமதப்படுத்தும், ‘டவுட்’ உறவில் கைவைத்துவிடும்.

எங்கள் தொழிலில் ஈ.சி. என்று ஓர் அளவு உண்டு. பித்தில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்பதை மின்கடத்துதிறனை வைத்துச் சொல்வது. உப்பு கூடினால் செடியின் வேர் கருகும். அதனால் கழுவிய பித்துக்கு ஈ.சி. இவ்வளவுக்குள் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கும். ஒரு லோடு போய்ச் சேர்ந்ததும் அவர்கள் லேபில் சோதித்து, உங்கள் அளவைவிட அதிகமாக இருக்கிறது என்று ரிப்போர்ட் அனுப்பினார்கள். எங்கள் லேப் ரிப்போர்ட்டில் அது தாராளமாக வரம்புக்குள் இருந்தது. எங்கள் பக்கமிருந்து எழுதத் தயாராக இருந்த வரி: “வி ஹேவ் டவுட் ஆன் யுவர் ஈ.சி. ரிப்போர்ட். கைண்ட்லி கிளாரிஃபை.”

நம் வகுப்பறையில் ‘டீச்சர், ஒரு டவுட்’ என்றால் ஒரு கேள்வி இருக்கிறது என்று பொருள். டீச்சர் சந்தோஷப்படுவார். வெளியே ‘டவுட்’ என்றால் நம்பவில்லை என்று பொருள். உங்கள் லேப் ரிப்போர்ட்டை நாங்கள் நம்பவில்லை, விளக்கம் கொடுங்கள் என்று ஒரு வாடிக்கையாளருக்கு எழுதினால் அவர் அடுத்த லோடை எங்கே வாங்குவார்? நல்லவேளையாக அது டிராஃப்ட்டிலேயே நின்றது.

அந்த வரியை ‘வி ஹேவ் எ கொஸ்டின்’ என்று மாற்றினால் மட்டும் போதாது. நமக்குத் தெரிய வேண்டியது என்ன என்று உட்கார்ந்து யோசித்தோம். ஈ.சி. அளக்க, பித்தைத் தண்ணீரில் கலந்து, அந்தத் தண்ணீரில் அளக்கிறார்கள். எவ்வளவு பித்துக்கு எவ்வளவு தண்ணீர் என்பதில் ஒரே முறை இல்லை. நெதர்லாந்தில் 1 பங்கு பித்துக்கு 1.5 பங்கு தண்ணீர் சேர்க்கும் முறை பரவலானது. 1 பங்குக்கு 5 பங்கு சேர்ப்பது இன்னொரு முறை. தண்ணீர் கூடக்கூட உப்பு நீர்த்துப்போகும், எண் குறையும். ஒரே பித்தை இரண்டு முறையிலும் அளந்தால் இரண்டு எண் வரும், இரண்டுமே சரியானவை.

ஆகவே இப்படிப் போனது: “தேங்க் யூ ஃபார் தி ஈ.சி. ரிப்போர்ட். அவர் லேப் யூஸ்டு 1:5 எக்ஸ்ட்ராக்‌ஷன். விச் ரேஷியோ டிட் யுவர் லேப் யூஸ், 1:1.5 ஆர் 1:5?” பதில் வந்தது, 1:1.5 என்று. களத்திலிருந்து எடுத்து வைத்திருந்த சாம்பிளை எங்கள் லேபிலும் அதே விகிதத்தில் அளந்தோம். அவர்கள் எண்ணுக்குப் பக்கத்தில் வந்தது. அன்றிலிருந்து ஒப்பந்தத்தில் ஈ.சி. எண்ணுக்குப் பக்கத்திலேயே விகிதத்தையும் எழுதிவிடுகிறோம். ‘கைண்ட்லி கிளாரிஃபை’ என்று எழுதியிருந்தால் அவர்கள் ரிப்போர்ட்டை மறுபடி ஸ்கேன் செய்து அனுப்பியிருப்பார்கள். எதை விளக்க வேண்டும் என்பது அந்த இரண்டு சொல்லில் இல்லையே.

‘கைண்ட்லி’ பற்றி ஒன்று. அதை ஒழித்துக்கட்ட வேண்டியதில்லை. ஆனால் ‘ப்ளீஸ்’ எழுத வேண்டிய இடத்திலெல்லாம் அதைப் போட்டால் மேல்நாட்டுக் காதுக்குச் சில நேரம் பொறுமை இழந்த அதிகாரி பேசுவது போலக் கேட்கும். அதைவிடப் பெரிய பிரச்சினை பண விவகாரத்தில் இருக்கிறது. 2020 ஏப்ரலில் 10 பொதுத்துறை வங்கிகள் இணைக்கப்பட்டு 4 ஆகின. அப்போது ஏற்றுமதியாளர் பலருக்கு வங்கி விவரங்கள் மாறின. வாங்குபவர்களுக்கு அதைத் தெரிவிக்க வேண்டும். “டியர் சார், கைண்ட்லி நோட் தி சேஞ்ச் இன் பேங்க் டீடெய்ல்ஸ் அண்ட் டூ தி நீட்ஃபுல் அர்ஜென்ட்லி” என்று எழுதத்தான் கை போகும்.

இந்த மெயிலை ஒரு வெளிநாட்டுக் கணக்குப் பிரிவு ஊழியராகப் படித்துப் பாருங்கள். பெயரில்லாத விளிப்பு, திடீரென்று மாறிய வங்கிக் கணக்கு, அவசரம், பழக்கமில்லாத சொற்கள். மோசடி மெயிலை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவர்களுக்கு நடத்தும் பயிற்சியில் சொல்லிக்கொடுக்கும் அடையாளங்கள் இவைதான். ஏற்றுமதியாளரின் மெயிலுக்குள் புகுந்து, கணக்கு எண்ணை மாற்றி, பணத்தைத் திருப்பிவிடும் திருட்டு உலகமெங்கும் நடக்கிறது. அவர் பணத்தை நிறுத்திவைத்தால் அவர்மேல் தப்பே இல்லை.

இந்த இடத்தில் சொல்லை மாற்றினால் மட்டும் போதாது, முறையையும் மாற்ற வேண்டும். முதலில் போன் செய்து விஷயத்தைச் சொல்லுங்கள். மெயிலில் அவருடைய பெயர், ஆர்டர் எண், எந்த இன்வாய்ஸிலிருந்து புதிய கணக்கு, ஏன் மாறியது என்ற ஒரு வரிக் காரணம். கடைசியில் இது கட்டாயம்: “பிஃபோர் யூ பே, ப்ளீஸ் கால் அஸ் ஆன் தி நம்பர் இன் அவர் ஓல்டு கான்ட்ராக்ட் டு கன்ஃபர்ம்.” இந்த மெயிலிலேயே ஒரு புது நம்பரைக் கொடுத்து அதில் கூப்பிடச் சொன்னால் பயனில்லை, திருடனும் அதைத்தான் செய்வான். அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும் நம்பரில் அவர்களே கூப்பிட வேண்டும்.

புதிதாகச் சேரும் பிள்ளைகள் கேட்கும் ஒரு கேள்வி உண்டு. “அக்கா, இப்படி நேரா எழுதினா அதிகாரம் பண்ற மாதிரி இருக்காதா?” நியாயமான கவலை. வயதில் மூத்தவரிடம் ‘புதன்கிழமை பன்னிரண்டு மணிக்குள்ள கொடுங்க’ என்று நேருக்கு நேர் சொல்ல நம் வாய் வராது. ‘கொஞ்சம் பாத்துக் குடுங்க’ என்றுதான் சொல்வோம். ஆனால் மெயிலை வாங்குபவர் நம் முகத்தைப் பார்ப்பதில்லை, கெடு அவருக்குத் தெரிவதுமில்லை. கெடுவையும் காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் அவர்கள் அதை உதவியாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். மரியாதைக்கு ஆளின் பெயர், ஒரு ‘ப்ளீஸ்’, ஒரு ‘தேங்க் யூ’ போதும். காரணம் இல்லாமல் நாளை மட்டும் வைத்தால்தான் அதிகாரமாகத் தெரியும்.

உள்ளூர் வங்கி மேலாளருக்கும், சுங்க அலுவலகத்துக்கும், பாலக்காட்டு லாரி புக்கிங் சேட்டனுக்கும் நாங்கள் இன்னும் பழைய மாதிரியே எழுதுகிறோம். அங்கே ‘ரிக்வெஸ்ட் யூ டு கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்’ இல்லாத கடிதம் மொட்டையாக இருக்கும். வழக்கமான வேலையென்றால் அதுவே போதும். வழக்கத்துக்கு மாறாக ஒன்று கேட்கும்போது மட்டும் அங்கேயும் பிரித்து எழுதுகிறோம். கொச்சிக்குப் பதிலாகத் தூத்துக்குடிக்கு வண்டி போக வேண்டும் என்றால், எந்தக் கன்டெய்னர், எந்த நாள், எந்த கேட் என்று மூன்றும் மெயிலின் முதல் வரியில் வந்துவிடும், ‘நீட்ஃபுல்’ கடைசியில் இருந்துவிட்டுப் போகட்டும்.